கெஸ்ட் லெக்சருக்கு எந்த ஹவர்? ஃபவுண்டரி நிபுணரை அழைக்க நான்கு வழிகளின் ஒப்பீடு

கெஸ்ட் லெக்சர் என்றதும் கல்லூரிகளில் முதலில் எழும் கேள்வி, யாரை அழைப்பது என்பது. அடுத்தது, செமினார் ஹால் என்றைக்குக் காலியாக இருக்கிறது என்பது. டைம்டேபிளைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். வரிசை இப்படித் தலைகீழாக இருப்பதால்தான் பல லெக்சர்கள் நூறு நிமிடத்துக்குத் திட்டமிட்டு அம்பது நிமிடத்தில் முடிகின்றன, அல்லது பாடம் நடத்தி முடித்து இரண்டு மாதம் கழித்து நடக்கின்றன. ஹவரை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு மாதிரியைப் பிடித்துக்கொள்ளலாம். கோவையில் பொள்ளாச்சி சாலையில் உள்ள, அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற ஒரு பொறியியல் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் துறை, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் செமஸ்டர். பாடம் உற்பத்தி முறைகள். 2021 ரெகுலேஷனில் அதன் முதல் யூனிட்டே வார்ப்புதான். அழைக்க நினைப்பது குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் பொறியாளரை. தலைப்பு, பம்ப் வார்ப்புகளில் வரும் குறைகளும் அவற்றின் காரணங்களும். வகுப்பில் அறுபது பேர்.

கல்லூரி நேரம் ஒன்பது மணி முதல் நான்கு மணி வரை. ஒரு நாளைக்கு ஏழு ஹவர், ஒவ்வொன்றும் 50 நிமிடம். முதல் இரண்டு ஹவர் 9.00 முதல் 10.40 வரை, 15 நிமிட இடைவேளை, மூன்றாவதும் நான்காவதும் 10.55 முதல் 12.35 வரை, சாப்பாடு, ஐந்தாவதும் ஆறாவதும் 1.20 முதல் 3.00 வரை; பத்து நிமிட இடைவேளைக்குப் பின் ஏழாவது. கல்லூரிக்குக் கல்லூரி நிமிடங்கள் மாறும், ஆனால் அமைப்பு பெரும்பாலும் இதுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

வழக்கமாக மாணவர் வருகை, ஹால் வசதி, செலவு ஆகியவற்றை வைத்து ஒப்பிடுவார்கள். அவை தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்க வேண்டும்: அன்று காலை நிபுணர் வர முடியாமல் போனால் கையில் என்ன மிஞ்சும்?

இது அபூர்வமாக நடக்கும் விஷயமல்ல. தொழிற்சாலையில் பொறுப்பில் இருக்கும் ஆளுக்கு வாடிக்கையாளர் புகார் ஒன்று காலையில் வந்துவிட்டால் அவர் அன்று வெளியே கிளம்ப முடியாது. ஃபர்னஸ் லைனிங்கில் கசிவு, திடீரென்று ஆடிட்டர் வருகை, அனுப்பிய சரக்கு முழுவதையும் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை என்று ஏதாவது ஒன்று வரும். பொறுப்பு இல்லாதவர் என்றால் எப்போதும் வருவார். ஆனால் அவர் சொல்லும் விஷயம் புத்தகத்திலேயே இருக்கும். பொறுப்பில் இருப்பவரைத்தான் வேண்டும் என்றால், கடைசி நேரத்தில் அவரால் வர முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் ஹவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது தொழிற்சாலையின் கடிகாரம். கல்லூரிக்காரர்கள் நிபுணரிடம் "சார், உங்களுக்கு என்னைக்கு ஃப்ரீ?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலே இல்லை. அவருக்கு எந்த நாளும் ஃப்ரீ கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "சார், காலையில ரிஜெக்‌ஷன் மீட்டிங் எத்தனை மணிக்கு முடியுங்க? அதுக்கப்புறம் நீங்க ஃப்ளோர்ல கட்டாயம் இருக்க வேண்டிய நேரம் எது?" முந்தைய நாள் ஊற்றிய வார்ப்புகளில் எத்தனை கழிந்தன, ஏன் கழிந்தன என்று பார்க்கும் கூட்டம் பல ஃபவுண்டரிகளில் காலை முதல் வேலை. அது ஒன்பதே முக்கால் வரை போகலாம். ஷிப்டு ஆறு, இரண்டு, பத்து என்று மாறும் இடமாக இருந்தால் இரண்டு மணி மாற்றத்தின்போது அவர் ஃப்ளோரில் இருந்தாக வேண்டும். ஆக, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் அவருக்கு ஒரு ஜன்னல் திறக்கிறது. கல்லூரியில் அதற்குள் பொருந்துவது மூன்றாவது, நான்காவது ஹவர் மட்டுமே. பத்து மணிக்குக் கிளம்பினால் பொள்ளாச்சி சாலைக்கு 10.40க்குள் வந்துவிடலாம், 12.35க்கு முடித்து, அரை மணியில் சாப்பிட்டுக் கிளம்பினால் 1.45க்கு ஃபவுண்டரியில் இருக்கலாம்.

இதே நிபுணர் அரசூர் பக்கத்து ஃபவுண்டரியில் இருந்தால் கணக்கு மாறும். நகரத்தைக் குறுக்கே கடந்து வர வேண்டும். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும். அந்த ஜன்னல் அடைபட்டுவிடும். அப்போது அரை நாள் விடுப்பு போலத்தான் அவர் வர முடியும். அதனால்தான், பெயரை முடிவு செய்வதற்கு முன்பே தூரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் வழி: டைம்டேபிள் போடும்போதே இரட்டை ஹவர் வாங்குவது

நான்கு வழிகளில் இதுதான் சிறந்தது. அதே சமயம் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் மூன்று ஹவர். அதை மூன்று நாளில் தனித்தனியாகப் போடாமல், புதன்கிழமை மூன்றாவது நான்காவது ஹவரைச் சேர்த்து ஒன்றாகவும், மீதி ஒன்றை வெள்ளிக்கிழமையும் வைக்கச் சொல்லித் துறையின் டைம்டேபிள் பொறுப்பாளரிடம் கேட்பதுதான் இந்த வழி. கேட்க வேண்டிய நேரம் முந்தைய செமஸ்டரின் கடைசியில், யாருக்கு எந்தப் பாடம் என்று ஒதுக்கீடு முடிந்த வாரத்தில். டைம்டேபிள் நோட்டீஸ் போர்டுக்கு வந்த பிறகு கேட்டால் ஒரு ஹவரை நகர்த்த நான்கு பேரின் ஹவர் நகர வேண்டியிருக்கும். யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இதன் பலம் அன்று நிபுணர் வராதபோது தெரியும். அந்த இரண்டு ஹவரும் உங்கள் பாடத்தினுடையவை. யாரிடமும் கடன் வாங்கவில்லை, யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு அடுத்த பாடத்தை நடத்தலாம், அல்லது வார்ப்புக் குறைகளின் படங்களை வைத்து நீங்களே டியூட்டோரியல் எடுக்கலாம். நிபுணர் அடுத்த புதன்கிழமை வருகிறேன் என்றால் அந்தப் புதனும் அதே இரட்டை ஹவர் காத்திருக்கும். தேதியை மாற்ற ஒரு படிவமும் எழுத வேண்டாம்.

விலை இல்லாமல் இல்லை. பதினைந்து வாரமும் புதன்கிழமை நூறு நிமிடம் ஒரே பாடம் என்பது மாணவர்களுக்குப் பாரம். எழுபது நிமிடத்துக்கு மேல் விரிவுரை நடத்தாமல், மீதி முப்பது நிமிடத்தைக் கணக்கு, வரைபடம், சின்னத் தேர்வு என்று மாற்றினால்தான் தாங்கும். அப்படிப் பயன்படுத்தத் தயாராக இல்லாத ஆசிரியர், ஒரே ஒரு கெஸ்ட் லெக்சருக்காக செமஸ்டர் முழுக்க இரட்டை ஹவர் வாங்கக் கூடாது. இன்னொரு வரம்பு, லேப் பிளாக்குகளும் வேறு துறை ஆசிரியர் வந்து எடுக்கும் கணிதமும் டைம்டேபிளில் முதலில் உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு மிஞ்சிய இடத்தில்தான் இரட்டை ஹவர் கிடைக்கும். "புதன் மூன்று நான்கு" என்று ஒன்றை மட்டும் கேட்காமல் "செவ்வாய், புதன், வியாழன் ஏதாவது ஒரு நாள், சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு" என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். திங்களும் சனியும் தொழிற்சாலைக்கு ஒத்துவராது. வெள்ளி பிற்பகல் மாணவர்களுக்கு ஒத்துவராது; ஊருக்குப் போகும் பேருந்து நினைப்பில் இருப்பார்கள்.

இரண்டாம் வழி: பக்கத்து ஹவரை மாற்றிக்கொள்வது

செமஸ்டர் தொடங்கிவிட்டது, டைம்டேபிள் தனித்தனி ஹவராகத்தான் இருக்கிறது என்றால் நடைமுறையில் இருக்கும் வழி இது. உங்களுடையது வியாழன் நான்காவது ஹவர். மூன்றாவது ஹவர் வெப்ப இயக்கவியல் ஆசிரியருடையது. அவருடைய மூன்றாவதை நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்கள் ஒரு ஹவரை அவருக்குத் தருகிறீர்கள்.

இங்கே சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று. எல்லோரும் "லெக்சர் முடிஞ்சதும் திருப்பித் தர்றேன் சார்" என்கிறார்கள். அடுத்த வாரம் உள்ளூர் விடுமுறை வரும், அதற்கடுத்து இன்டர்னல் தேர்வு வரும், அந்த ஹவர் திரும்பவே திரும்பாது. அதன் பிறகு அந்த ஆசிரியர் அடுத்த முறை யாருக்கும் ஹவர் தர மாட்டார். துறையில் கெஸ்ட் லெக்சர் என்றாலே முகம் சுளிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. அதனால் முதலில் கொடுங்கள், பிறகு வாங்குங்கள். லெக்சர் வியாழன் என்றால் அதே வாரம் செவ்வாய்க்கிழமை உங்கள் ஹவரை அவர் எடுத்துவிடட்டும். ஸ்வாப் படிவத்தில் இரண்டு தேதியும், இரண்டு ஆசிரியர் கையெழுத்தும், ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகல் வகுப்புப் பிரதிநிதியிடமும் இருக்கட்டும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை மாணவர்கள் வேறு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நிபுணர் வராவிட்டால் இந்த வழியிலும் பெரிய சேதமில்லை. கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் இரண்டு ஹவரும் உங்களுடையவை, பாடம் நடத்திவிடலாம். ஆனால் நிபுணர் தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முறை கேட்டால் தருவார்கள், இரண்டாம் முறை கேட்பது கஷ்டம். முதல் வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

லெக்சர் எடுத்த நூறு நிமிடத்தில் எந்த ஹவரின் வருகையை யார் பதிவது என்ற குழப்பமும் இங்கே வரும். ஸ்வாப் முறையாக எழுதியிருந்தால் இரண்டு ஹவரும் உங்கள் பாடத்தின் பெயரில்தான் பதிவாக வேண்டும். லாக் புக்கில் அன்றைய தலைப்பாக "வார்ப்புக் குறைகள், தொழில் நிபுணர் விரிவுரை" என்று எழுதினால் போதும். இதை விட்டுவிட்டு மாணவர்களுக்கு ஓ.டி. போடச் சொன்னால், தேவையில்லாமல் அறுபது பேருக்குப் படிவம் சேரும். சிலர் படிவம் கொடுக்காமல் விட்டு 75 சதவீதக் கணக்கில் சிக்குவார்கள்.

மூன்றாம் வழி: லேப் பிற்பகல்

லேப் பிற்பகல் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று ஹவர் ஒரே கையில். வேறு ஆசிரியரிடம் போக வேண்டாம். ஆனால் லேப்பில் வகுப்பு முப்பது முப்பதாக இரண்டு பேட்ச்சாகப் பிரிந்திருக்கும். ஒரு பேட்ச் ஃபவுண்டரி, லேத் என்று ஒரு லேப்பில் இருக்க, மற்றது வேறொரு லேப்பில் இருக்கும். முழு வகுப்பையும் ஹாலுக்குக் கூட்டி வந்தால் இரண்டு லேப்பின் சுழற்சியும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. செமஸ்டர் கடைசியில் ரெக்கார்டு முடியாமல் சனிக்கிழமை லேப் வைக்க வேண்டிவரும். அதற்கு டெக்னீஷியனும் வர வேண்டும். தொழிற்சாலைப் பக்கமும் இது பொருந்தாது. 1.20க்கு இங்கே தொடங்கினால் இரண்டு மணி ஷிப்டு மாற்றத்தின்போது அவர் அங்கே இருக்க முடியாது.

ஒரே ஒரு சூழலில் இது மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது: நிபுணர் பேச வரவில்லை, செய்து காட்ட வருகிறார் என்றால். மணலின் ஈரப்பதம், காற்று புகும் தன்மை, பச்சை மணலின் அழுத்த வலிமை ஆகியவற்றைச் சோதித்துக் காட்டி, அதில் ஒன்று தவறினால் எந்தக் குறை வரும் என்று சொல்வதாக இருந்தால் அதற்கு ஹால் பயன்படாது. அப்போது ஹாலுக்கே போகாமல், லேப்பிலேயே, முப்பது பேருக்கு மட்டும் வைக்க வேண்டும். அடுத்த பேட்ச்சுக்கு அதே சோதனையை லேப் ஆசிரியர் அடுத்த வாரம் செய்து காட்டலாம். சுழற்சி குலையாது, ஏனென்றால் அதுவும் ஒரு லேப் சோதனைதான்.

நான்காம் வழி: சனிக்கிழமை

ஐ.டி. நிறுவனத்தில் இருந்து ஆள் அழைப்பதாக இருந்தால் சனிக்கிழமை இயல்பாக வரும், அவர்களுக்கு விடுமுறை. அந்த அனுபவத்தை வைத்து மெக்கானிக்கல் துறையும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு. கோவை ஃபவுண்டரிகளில் சனிக்கிழமை பொதுவாக வேலை நாள். வாரக் கடைசியில் அனுப்ப வேண்டிய சரக்கும் அன்றுதான் குவியும்.

கல்லூரி வேலை செய்யாத சனிக்கிழமை என்றால் பேருந்து ஓட்ட வேண்டும், விடுதி மாணவர்கள் மட்டும் வருவார்கள், அறுபது பேரில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். ஹாலை நிரப்ப முதலாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ரைசர் என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் நிபுணர் ஷ்ரிங்கேஜ் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அவர் வராவிட்டால் எல்லாம் வீண். பேருந்துக்கு ஊற்றிய டீசல், மாணவர்களின் விடுமுறை, ஆசிரியர்களின் ஒரு நாள் என்று எதுவும் திரும்பாது. நான்கு வழிகளில் மிக மோசமாக உடைவது இதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மழை விடுமுறைக்கோ பண்டிகைக்கோ ஈடாகச் சனிக்கிழமையை வேலை நாளாக்கி "புதன்கிழமை ஆர்டர்" என்று அறிவித்தால், உங்கள் இரட்டை ஹவர் அன்றைக்கும் வரும். நிபுணருக்கும் அந்தச் சனிக்கிழமை ஒத்துவருகிறது என்றால் தாராளமாக வைக்கலாம். அது உண்மையில் முதல் வழியேதான்.

ஆன்லைன் பற்றி ஒரு வார்த்தை. நிபுணர் சென்னையிலோ புனேயிலோ இருந்தால், மாலை ஏழு மணிக்கு நாற்பத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு டைம்டேபிளே தேவையில்லை. மென்பொருள், வடிவமைப்பு, தரநிலை பற்றிய பேச்சுக்கு அது போதும். வார்ப்புக் குறைக்குப் போதாது. காரணம் கீழே வருகிறது.

தேதியைக் கணக்கிடுவது

இரட்டை ஹவர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எந்தப் புதன் என்று பார்ப்போம். மொத்தம் 45 ஹவர், ஐந்து யூனிட். யூனிட்டுக்கு ஒன்பது ஹவர், அதாவது மூன்று வாரம். செமஸ்டர் ஆகஸ்டு முதல் வாரம் தொடங்கினால் வார்ப்பு யூனிட் மூன்றாம் வாரக் கடைசியில் முடியும். அதற்கு முன்னால் நிபுணரைக் கூப்பிட்டால் மாணவர்களுக்குக் கேட்கக் கேள்வி இருக்காது. கேட்டிங், ரைசர், கோர் மூன்றும் படித்த பிறகுதான் "ரைசரை ஏன் அங்கே வைத்தீர்கள்" என்று கேட்க முடியும். ஆக நான்காம் வாரப் புதன் பொருத்தமாகத் தெரிகிறது.

ஆனால் நான்காம் வாரம் என்பது ஆகஸ்டு மாதக் கடைசி. மாதக் கடைசி வாரத்தில் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் நெருக்கடி. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவரின் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது. அந்த வாரத் தேதியைக் கேட்டால் அவர் மரியாதைக்குச் சரி என்பார், பிறகு முந்தைய நாள் மாலை போன் செய்வார். எனவே ஐந்தாம் வாரத்துக்கு நகர வேண்டும்: செப்டம்பர் முதல் அல்லது இரண்டாம் வாரம். அங்கே விநாயகர் சதுர்த்தி குறுக்கே வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஆறாம் வாரம் முதல் இன்டர்னல் தேர்வு என்றால் ஐந்தாம் வாரத்தைத் தாண்டவும் முடியாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் மாணவர்கள் பக்கத்தில் யார் பேசினாலும் மடியில் வேறு நோட்டு இருக்கும். ஐந்தாம் வாரப் புதன் முதல் விருப்பம், தேர்வு முடிந்த ஏழாம் வாரப் புதன் மாற்று. நிபுணரிடம் இந்த இரண்டு தேதியை மட்டும் சொல்லுங்கள். "உங்கள் வசதிப்படி எந்த நாளும்" என்று கடிதத்தில் எழுதினால் அது முடிவில்லாமல் தள்ளிப்போகும்.

முதல் போன் நான்கு அல்லது ஐந்து வாரத்துக்கு முன். அவர் சம்மதித்த பிறகு, ப்ரின்சிபல் கையெழுத்திட்ட கடிதம் அவருக்கு மட்டும் போகாமல் தொழிற்சாலைத் தலைவருக்கு முகவரியிடப்பட வேண்டும். அதில் அவர் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பி வைக்கும்படி கேட்க வேண்டும். வேலை நேரத்தில் வெளியே வர அவருக்கு அந்தக் கடிதம்தான் துணை. பெயர் எழுதாமல் "தகுந்த நிபுணர் ஒருவரை" என்று எழுதினால் எச்.ஆர். பிரிவில் இருந்து ஒருவர் வந்து வேலைவாய்ப்பு பற்றிப் பேசிவிட்டுப் போவார். மதிப்பூதியம் தர நினைத்தால் அதை முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள். ஊழியர்கள் வெளியில் பணம் வாங்க அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு. அப்படியிருந்தால் வவுச்சரும் பான் எண்ணும் கேட்டு ஹாலில் அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை.

உடைந்த வார்ப்பு

இந்த லெக்சரின் உயிர் ஸ்லைடில் இல்லை. கழிக்கப்பட்ட நான்கு வார்ப்புகளை அவர் கொண்டு வர வேண்டும், அதுவும் குறுக்கே அறுத்து. பம்ப் வால்யூட் உறையில் கனமான ஃபிளாஞ்ச் மெல்லிய சுவரோடு சேரும் இடத்தை அறுத்தால் உள்ளே ஒரு பள்ளம் தெரியும். அதன் சுவரை விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக, மரக்கிளை போன்ற படிகங்கள் தட்டுப்படும், அது ஷ்ரிங்கேஜ். உலோகம் உறையும்போது சுருங்கி, நிரப்ப உருகிய உலோகம் கிடைக்காமல் உண்டான வெற்றிடம். பக்கத்திலேயே இன்னொரு துண்டில் உள்ள குழி உருண்டையாக, சுவர் வழவழப்பாக, பளபளப்பாக இருந்தால் அது ப்ளோஹோல், வாயு மாட்டிக்கொண்டது. முதலாவதற்கு ரைசரை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு மணலின் ஈரத்தையும் கோரையும் வாயு வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். இரண்டும் படத்தில் ஒரே மாதிரிக் கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும்; விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆன்லைன் போதாது என்றது இதனால்தான்.

கொண்டு வருவதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. கழித்த வார்ப்பும் தொழிற்சாலையின் சொத்து. திருப்பித் தரும் கேட் பாஸ் இல்லாமல் காவலாளி வெளியே விடமாட்டார். அதை முந்தைய நாளே எழுதி வைக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு ஸ்டோர்ஸில் ஆள் தேடிக்கொண்டிருந்தால் 10.55 போய்விடும். இன்னொன்று, வார்ப்பின் மேல் வாடிக்கையாளரின் பெயரும் பாகத்தின் எண்ணும் எழுந்து நிற்கும். அதைக் கிரைண்டரில் தேய்த்து அழித்த பிறகுதான் வெளியாருக்குக் காட்டலாம். வாடிக்கையாளரோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கும். மாணவர்கள் அதைப் போட்டோ எடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டு, தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

அறுபது பேருக்கு நான்கு துண்டு என்றால் பதினைந்து பேருக்கு ஒன்று. இருபத்தைந்து நிமிடத்தில் நான்கும் எல்லோர் கையிலும் போய்வரும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே ஓரத்தைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்குள் இருக்கட்டும்.

நூறு நிமிடத்தைப் பிரிப்பது

உட்கார்ந்து அடங்க ஐந்து நிமிடம், பேச்சு ஐம்பது, துண்டுகள் சுற்றிவர இருபத்தைந்து, கேள்விகளுக்கு இருபது. இதில் வரவேற்புரை, சால்வை, குத்துவிளக்கு எதற்கும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றைச் சேர்த்தால் இருபது நிமிடம் போகும். போவது கேள்வி நேரத்தில் இருந்துதான். நிபுணரை மதிப்பதென்றால் ப்ரின்சிபல் அறையில் 10.40க்குக் காபி கொடுத்து, அங்கேயே சால்வை போட்டு, போட்டோவும் எடுத்துவிடலாம். வகுப்பில் பாட ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் அறிமுகம் செய்தால் போதும். நாக், என்.பி.ஏ. கோப்புக்குத் தேவையான ஜியோடேக் படமும் வருகைப் பட்டியலும் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்காக லெக்சரை நிறுத்தக் கூடாது.

செமினார் ஹால் வேண்டுமா, வகுப்பறையே போதுமா என்பதும் ஒரு முடிவு. அறுபது பேர் என்றால் வகுப்பறையே நல்லது. ஹாலை வைத்தால் பிளேஸ்மென்ட் பிரிவு கடைசி நாளில் அதைக் கேட்கும் ஆபத்து உண்டு. மாணவர்கள் பின்வரிசையில் சிதறி உட்கார்வார்கள். துண்டுகளைச் சுற்றவிட முடியாது. வகுப்பறையில் புரொஜெக்டர் இல்லை என்றால், துறையில் இருக்கும் ஒன்றை எடுத்துவந்து முந்தைய நாள் மாலையே அவருடைய கோப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும். தொழிற்சாலை லேப்டாப்பில் பென்டிரைவ் போடத் தடை இருக்கலாம். அவர் தன் லேப்டாப்பையே கொண்டு வரலாம் என்பதால் அதற்குப் பொருந்தும் கேபிளையும் தயாராக வையுங்கள்.

இரண்டு பிரிவுகள் இருந்தால்

ஏ, பி என்று இரண்டு பிரிவு, நூற்று இருபது பேர் என்றால் மேலே சொன்னது அப்படியே நடக்காது. இரு பிரிவுக்கும் வெவ்வேறு ஆசிரியர் எடுப்பதாக இருந்தால், டைம்டேபிள் போடும்போதே இரண்டுக்கும் ஒரே இரட்டை ஹவரைக் கேட்கலாம். இருவரும் சம்மதித்தால் ஹாலில் சேர்த்து உட்கார வைத்துவிடலாம். ஒரே ஆசிரியர் இரண்டு பிரிவும் எடுத்தால் அது முடியாது. அப்போது பி பிரிவுக்கு மட்டும் ஸ்வாப் போட வேண்டும், அதையும் முதல் வாரத்திலேயே முன்கூட்டித் திருப்பிக் கொடுத்து. நிபுணரை ஒரே நாளில் இரண்டு முறை பேசச் சொல்வது மூன்றாவது யோசனையாக வரும். பிற்பகலும் அவரை நிறுத்திவைத்தால் ஷிப்டு மாற்றத்துக்கு அவர் போக முடியாது, அடுத்த ஆண்டு அழைத்தால் வரவும் தயங்குவார். நூற்று இருபது பேர் சேரும்போது துண்டுகளை வரிசையில் சுற்றவிடாமல், 12.10க்குப் பேச்சை முடித்து, ஹாலின் நான்கு மூலையில் நான்கு மேசை போட்டு, மேசைக்கு முப்பது பேர் என்று நிற்க வைத்து ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிபுணர் மேசைக்கு மேசை நடப்பார். கேள்விகளும் அங்கேயே வரும். தனியாகக் கேள்வி நேரம் வேண்டியிருக்காது.

லெக்சர் முடிந்ததும் துண்டுகளை எண்ணி, அவர் வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்புங்கள். கேட் பாஸில் எழுதிய எண்ணிக்கையும் திரும்பிப் போகும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். துறையின் கண்ணாடி அலமாரிக்கு ஒன்று வேண்டுமென்றால் அதைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். திருப்பித் தர வேண்டாத கேட் பாஸில் அவர் பிறகு அனுப்பி வைப்பார்.